பாலும் கொட்டைப்பருப்பும் முட்டையும் இல்லாமல் கொழுப்பைக் குறைப்பது: குமரி எல்லைப் பகுதியிலிருந்து வந்த கேள்விகள்

பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அண்டிப்பருப்பு என்ற முந்திரிப்பருப்பு அலர்ஜி, முட்டையும் சாப்பிடுவதில்லை. எடை குறைக்கச் சொல்லும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இந்த மூன்றும்தானே இருக்கின்றன. நான் என்னதான் சாப்பிடுவது?

அந்தப் பட்டியல்களில் உள்ள உண்மையான சிக்கல், ஒன்றை நீக்கினால் மற்ற இரண்டில் ஒன்றை மாற்றாகக் கொடுப்பதுதான். பால் வேண்டாம் என்றால் பாதாம் பால் என்பார்கள். முட்டை வேண்டாம் என்றால் பனீர் என்பார்கள். பனீரும் வேண்டாம் என்றால் ஒரு கைப்பிடி கொட்டைப்பருப்பு என்பார்கள். மூன்றையும் ஒருசேரத் தவிர்ப்பவருக்கு இந்த மாற்றுகள் ஒவ்வொன்றும் வேறொரு கதவில் கொண்டுபோய் முட்ட வைக்கும்.

ஆகவே முதலில் மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதை விட வேண்டும். லாக்டோஸ் செரியாமை என்பது அளவைப் பொறுத்தது. குறைந்த அளவு பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. கொட்டைப்பருப்பு ஒவ்வாமையில் அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை, துளியும் ஆகாது. முட்டையை விரும்பாமல் விடுவது உங்கள் தேர்வு. அதில் தவறி ஒரு துண்டு வாய்க்குள் போனாலும் உடம்புக்கு ஆபத்தில்லை. முதலாவதைக் கணக்கிட்டும், இரண்டாவதைக் காவல் காத்தும், மூன்றாவதை வேறு புரதத்தால் ஈடுகட்டியும் நடந்துகொண்டால், களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலைப் பக்கத்துச் சமையலறைகளில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களே போதும்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, சில நாள் வயிற்றுப்போக்கும் வருகிறது. இனிமேல் சாயாவில்கூடப் பால் விடக் கூடாதா?

பெரும்பாலும் விடலாம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிளக்க, சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தென்னிந்தியர்களில் பலருக்குக் குழந்தைப் பருவம் கழிந்ததும் அது குறைந்துவிடுகிறது. பிளக்கப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனதும், அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. கூடவே அது தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கிறது. உப்புசமும் போக்கும் அதனால் வருகின்றன.

100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலானோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு தம்ளர் பாலளவு, பெரிய தொல்லையின்றித் தாங்குகிறார்கள். உணவோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் எளிது. ஒரு சாயாவில் சேரும் 50 மில்லி பாலில் இரண்டரை கிராம்தான் இருக்கிறது. தயிரில் ஒரு பகுதி லாக்டோஸ் புளிக்கும்போதே குறைந்துவிடுகிறது, மீதியைச் செரிக்கவும் தயிரின் உயிருள்ள நுண்ணுயிரிகள் உதவுகின்றன. ஆகவே பால் ஆகாத பலருக்குத் தயிரும் மோரும் ஆகும். நெய்யில் லாக்டோஸ் இல்லையென்றே சொல்லலாம். மாறாக, பால் பவுடர் சேர்த்த இனிப்புகளிலும் வற்றக் காய்ச்சிய பாயசத்திலும் அது செறிந்து கிடக்கிறது.

உங்கள் அளவு எது என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். இரண்டு வாரம் பாலையும் பால் சேர்ந்தவற்றையும் முழுவதும் நிறுத்துங்கள். தொல்லை நின்றால், மூன்றாம் வாரம் முதல் இரண்டு நாளைக்கு ஒருமுறை 50, 100, 150 மில்லி என்று ஏற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் வயிறு முறுக்குகிறதோ, அதற்குக் கீழ்தான் உங்கள் எல்லை. மருத்துவமனையில் செய்வதானால் மூச்சில் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். பால் குடித்ததும் தோலில் தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சிழுப்பு ஆகியவற்றில் எதுவும் வந்தால் அது லாக்டோஸ் செரியாமை அல்ல, பால் புரத ஒவ்வாமை. அதில் தயிரும் ஆகாது, நெய்யும் சந்தேகத்துக்குரியது. மேலே சொன்ன சோதனையை வீட்டில் செய்யவும் கூடாது.

பாலை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது, வயிற்று உப்புசம் குறையவில்லை. லாக்டோஸ் வேறு எங்காவது ஒளிந்திருக்கிறதா?

ஒளிந்திருக்கலாம், பிஸ்கட்டிலும் பேக்கரி ரொட்டியிலும் பால் பவுடர் இருக்கும். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: பாலை நிறுத்திய அதே வாரத்தில் பயறின் அளவை ஏற்றினீர்களா? இது அடிக்கடி நடக்கிறது. புரதம் வேண்டும் என்பதற்காகச் சிறுபயறு, பெரும்பயறு, காணம், கடலை என்று ஒரே நாளில் இரண்டு மடங்காக்கிவிடுகிறார்கள். பயறு வகைகளில் உள்ள சில சர்க்கரைகளை நம் குடலில் யாருக்குமே பிளக்க முடியாது. அவையும் பெருங்குடலில் புளித்து அதே வாயுவைத் தருகின்றன. பழி பாலின் மேலேயே நிற்கிறது.

நேரத்தைக் கவனித்தால் ஓரளவு பிரித்தறியலாம். பாலால் வரும் தொல்லை பெரும்பாலும் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, பல சமயம் போக்கிலும் முடியும். பயறால் வருவது சற்றுத் தாமதித்து வரும், வாயுவாகவே இருக்கும், போக்கு அரிது. காலை புட்டும் பயறும் தின்றவருக்கு மதியச் சோற்றுக்குப் பிறகு வயிறு கனத்தால், மதியம் குடித்த மோரைக் குற்றம் சொல்வதற்கு முன் காலைப் பயறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பயறை விட வேண்டியதில்லை. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேக வையுங்கள். முளைகட்டினால் இன்னும் நல்லது. முதல் வாரம் காய்ந்த எடையில் நாளொன்றுக்கு 25 கிராம் என்று தொடங்கி, வாரம் ஒருமுறை ஏற்றினால், பெரும்பாலானோரின் குடல் மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும்.

நான் அண்டி ஆபீசில் பருப்பு உடைக்கும் வேலை பார்க்கிறேன். கை வெந்து தோல் உரிகிறது. எனக்கு அண்டிப்பருப்பு அலர்ஜி என்று வீட்டில் சொல்கிறார்கள். சாப்பாட்டிலும் விட வேண்டுமா?

இரண்டும் வெவ்வேறு. அண்டியின் ஓட்டுக்குள் காரமான எண்ணெய் ஒன்று இருக்கிறது. அது தோலில் பட்டால் வெந்து கறுத்து உரியும். சிலருக்குத் தொடர்ந்து பட்டுத் தோலில் அரிப்புப் படையாகவும் மாறும். அதற்கு மருந்து கையுறையும் தோல் மருத்துவரின் ஆலோசனையும்தான். வறுத்து ஓடு நீக்கித் தோலும் உரித்த பருப்பைத் தின்னும்போது உங்களுக்கு எதுவும் நேர்ந்ததில்லை என்றால், கை வெந்த காரணத்துக்காக மட்டும் அதைத் தின்னாமல் இருக்கத் தேவையில்லை.

உணவு ஒவ்வாமை வேறு விதமாக வரும். தின்ற சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள், வாயில் அரிப்பு, உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், வாந்தி, குரல் கம்முதல், மூச்சுத் திணறல், தலைசுற்றல் ஆகியவற்றில் சில தோன்றும். அது ஒருமுறை வந்தவர், அடுத்த முறை அதே அளவில்தான் வரும் என்று நினைக்கக் கூடாது. முதல் முறை தடிப்போடு நின்றது இரண்டாம் முறை மூச்சை அடைக்கலாம். மூச்சோ குரலோ பாதிக்கப்பட்டால் அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது பெரிய தவறு, ஏனெனில் அந்த மாத்திரை தடிப்பைத்தான் குறைக்கும். அதற்கான மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. நோயாளியைப் படுக்க வைத்து, மூச்சு முட்டினால் மட்டும் உட்கார வைத்து, 108-ஐ அழைத்து, ஊசி போடக்கூடிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். சரியானபின்பும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும் என்பதால் அங்கே கண்காணிப்பில் இருப்பது நல்லது.

அண்டிப்பருப்பு ஆகாதவருக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், புரதங்களும் நெருங்கியவை. நிலக்கடலை தாவரவியல்படி பயறினம். அதை ஆகுமா ஆகாதா என்று சோதிக்க வேண்டியவர் ஒவ்வாமை மருத்துவர், நீங்களல்ல.

எல்லைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் அதிகம். கல்யாணச் சத்தியையில் எதைத் தொடலாம், எப்படிக் கேட்பது?

இந்தக் கேள்வியில் ஒரு மொழிக் கண்ணி இருக்கிறது. எந்த டயட் பட்டியலும் அதைச் சொல்லாது. நெல்லைப் பக்கமிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர் “இதில் முந்திரி இருக்கிறதா?” என்று பாறசாலையில் கேட்டால், பரிமாறுபவர் “இல்லை” என்று மனமறிந்து உண்மையையே சொல்லக்கூடும். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. பாயசத்தில் திராட்சை போடவில்லை என்றுதான் அவர் சொல்கிறார். அண்டிப்பருப்பை நெய்யில் வறுத்துப் போட்டிருப்பார். ஆகவே அங்கே “அண்டிப்பரிப்பு” அல்லது “கசுவண்டி” என்றே கேட்க வேண்டும். “கடலை”யும் அப்படித்தான். நம்மில் பலர் கடலை என்றால் நிலக்கடலையைச் சொல்வோம். அங்கே கடலை என்பது கொண்டைக்கடலை, நிலக்கடலைக்குப் பெயர் கப்பலண்டி. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் புட்டுக்குத் தரும் கடலைக்கறியைக் கண்டு பயந்து விலகுவதும், கப்பலண்டி மிட்டாயைக் கவனியாமல் கடிப்பதும் ஒரே குழப்பத்தின் இரண்டு முனைகள்.

இலையில் பார்த்தால் பருப்பு, சாம்பார், ரசம், துவரன், எரிசேரி ஆகியவற்றில் வழக்கமாகப் பாலும் கொட்டைப்பருப்பும் சேர்வதில்லை. ஓலனில் சேர்வது தேங்காய்ப்பால், அதில் லாக்டோஸ் இல்லை. அவியலில் சில கைகள் தயிர் விடும், சில புளியோ மாங்காயோ சேர்க்கும். புளிசேரியும் காளனும் தயிரால் ஆனவை. அவற்றில் ஒரு கரண்டி தின்பது, லாக்டோஸ் செரியாதவருக்கும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பாயசத்தில்தான் வேறுபாடு பெரிது. பாலடைப் பிரதமன் பாலை நெடுநேரம் வற்றக் காய்ச்சுவது, ஆகவே ஒரு சிறு கிண்ணத்திலேயே ஒரு தம்ளர் பாலின் லாக்டோஸ் இருக்கக்கூடும். தேங்காய்ப்பாலில் வெல்லம் சேர்த்துச் செய்யும் அடைப்பிரதமனில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மேலே வறுத்த அண்டிப்பருப்பு கிடக்கும். பருப்பு ஒவ்வாமை உள்ளவர் அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பது காவல் ஆகாது; வறுத்த நெய்யே பாயசத்தில்தான் கலந்திருக்கிறது. என் அறிவுரை, அண்டிப்பருப்பு ஆகாதவர் பந்தியில் பாயசம் எதையும் தொட வேண்டாம் என்பதே. கொழுப்பைக் குறைப்பவருக்கும் அதில் இழப்பில்லை.

ஹோட்டலில் வெள்ளைக் குருமா, பனீர் குழம்பு, பிரியாணி ஆகியவற்றில் அரைத்த அண்டிப்பருப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். பொட்டலப் பொருளில் நிலை சற்று நல்லது: இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி பால், முட்டை, மீன், சோயா, நிலக்கடலை, மரக் கொட்டைப்பருப்பு ஆகியவை இருந்தால் தனியே அறிவிக்க வேண்டும். ஆனால் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாளில் சுற்றித் தருவதற்கு லேபிள் ஏது?

தேங்காயும் கொட்டை வகைதானே? அதையும் விட வேண்டுமா?

ஒவ்வாமைக்காக விட வேண்டியதில்லை. கொட்டைப்பருப்பு ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலானோர் தேங்காயைத் தொல்லையின்றித் தின்கிறார்கள், தேங்காயிலேயே ஒவ்வாமை வருவது அரிது. இவ்வளவு காலம் தின்றும் எதுவும் வராதவர் அச்சமின்றித் தொடரலாம்.

கொழுப்பைக் குறைக்க வந்த இடத்தில்தான் தேங்காயைப் பற்றிப் பேச வேண்டும். நூறு கிராம் துருவலில் 350 கலோரி இருக்கிறது, ஒரு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெயில் 120. மீன்குழம்புக்கு அரைப்பது, துவரனுக்குத் துருவுவது, புட்டுக்கு இடையில் வைப்பது, தாளிக்க ஊற்றுவது என்று நான்கு இடத்தில் சிறிது சிறிதாகச் சேரும்போது, நால்வர் வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரைத் தேங்காய் போவது இங்கே புதுமையில்லை. சோற்றைக் குறைத்தேன், இனிப்பை விட்டேன், ஆனாலும் எடை அசையவில்லை என்பவரிடம் நான் தட்டை விட்டுவிட்டு அம்மியைத்தான் விசாரிப்பேன். எண்ணெய்க் குப்பியை ஒரு மாதத்துக்கு எத்தனை வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு வகுத்தால் பதில் கிடைத்துவிடும். ஒருவருக்கு நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து 25 கிராம் துருவல், மூன்று தேக்கரண்டி எண்ணெய் என்பது ருசியும் கெடாத, எடையும் குறையும் அளவு.

பாலுக்குப் பதில் பாதாம் பால், முட்டைக்குப் பதில் புரதப் பவுடர், காலையில் சத்துமாவுக் கஞ்சி எடுக்கலாமா?

பாதாம் பால் உங்களுக்கு ஆகாது என்பது வெளிப்படை. ஆனால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் அது நல்ல மாற்றில்லை, ஏனெனில் கடையில் விற்பதில் பெரும்பகுதி தண்ணீர், புரதம் மிகக் குறைவு. தேங்காய்ப்பாலும் பெயரில்தான் பால்; கொழுப்பு நிறைந்தது, புரதம் சொற்பம். புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருவது பெரும்பாலும் சோயாப் பால்தான்.

வே புரதப் பவுடரில் கான்சன்ட்ரேட் என்று எழுதியிருந்தால் சிறிதளவு லாக்டோஸ் இருக்கும், ஐசொலேட் என்றால் மிகக் குறைவு. ஆனால் பாதாம், பிஸ்தா சுவைகளும் அதே ஆலையில் தயாராகக்கூடும் என்பதால், கொட்டைப்பருப்பு குறித்த எச்சரிக்கை வரியைத் தேடிப் படிக்காமல் வாங்கக் கூடாது.

சத்துமாவைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். கடையில் விற்கும் கலவையில் பாதாம், அண்டிப்பருப்பு, நிலக்கடலை மூன்றும் பெரும்பாலும் உண்டு. வீட்டில் அவற்றைச் சேர்க்காமல் வறுத்து மில்லுக்குக் கொண்டுபோனாலும், உங்களுக்கு முன்னால் திரித்தவரின் மாவு எந்திரத்தில் ஒட்டியிருக்கும். கூழ் வேண்டுமென்றால் கேழ்வரகை வீட்டு மிக்ஸியில் திரியுங்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் இதே காரணத்துக்காக நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது: சுத்திகரித்த எண்ணெயில் ஏறத்தாழ நீங்கிவிடும் புரதம் செக்கெண்ணெயில் தங்கிவிடுகிறது.

கொட்டைப்பருப்பு தின்னாததால் எடை குறைவதில் பின்தங்குவோமோ என்ற கவலைக்கு அடிப்படையில்லை. 30 கிராம் பருப்பில் 170 கலோரிக்கு மேல் இருக்கிறது, புரதமோ ஐந்தாறு கிராம்தான்.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வயது 42, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. உட்கார்ந்து தைக்கும் வேலை. மீன் சாப்பிடுவேன்.

பெண்ணானால், இந்த உடம்புக்குச் சும்மா இருந்தாலே செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 1,320 கலோரி. தையல் வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்தால் 1,850 வரும். அதிலிருந்து 350 அல்லது 400 குறைத்தால் போதும். உணவு 1,480 பக்கத்தில் நிற்கட்டும். புரதம் ஒரு நாளைக்கு 80 கிராம் வேண்டும். சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று நம் நாட்டுப் பரிந்துரை சொல்கிறது. எடையைக் குறைக்கும் காலத்தில் தசை கரையாமல் கொழுப்பு கரைய அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்பதால்தான் 80.

காலையில் 50 மில்லி பால் விட்ட, சர்க்கரை போடாத ஒரு சாயா. பிறகு 50 கிராம் மாவில் ஒரு சிறு குழல் புட்டு, 10 கிராம் தேங்காய், காய்ந்த எடையில் 50 கிராம் சிறுபயறு. சாயாவும் சேர்த்து இதில் 415 கலோரி, 17 கிராம் புரதம். பெரும்பாலான வீடுகளில் புட்டு மிகுந்து பயறு தொட்டுக்கொள்ளும் அளவில் இருக்கும். இங்கே அதைத் தலைகீழாக்கியிருக்கிறோம், மாற்றம் அவ்வளவுதான்.

மதியம் வெந்த சம்பா அரிசிச் சோறு 150 கிராம், அதாவது ஒரு சிறு கிண்ணம். தலையும் குடலும் நீக்கிய சாளை அல்லது அயிலை, தின்னக்கூடிய சதையாக 150 கிராம், புளிவிட்டு வைத்த குழம்பில். முருங்கைக்கீரை அல்லது பயற்றங்காய்த் துவரன் ஒரு கிண்ணம். தேங்காயும் எண்ணெயும் சேர்த்து 600 கலோரி, 36 கிராம் புரதம். நாளின் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இந்த ஒரு வேளையிலேயே வந்துவிடுகிறது என்பதைப் பாருங்கள்; முட்டை இல்லாத குறை இங்கேதான் தீர்கிறது. நான்கைந்து முட்டையின் புரதத்தை 150 கிராம் மீன் தருகிறதே. ஆனால் அதே மீனைப் பொரித்தால் குடிக்கும் எண்ணெயில் கணக்கு உடைந்துவிடும், ஆகவே பொரித்தது வாரத்தில் ஒரு நாள் போதும்.

மாலையில் 25 கிராம் காணத்தை அவித்துச் சுண்டலாக. கடையில் வறுத்த கடலை வாங்க வேண்டாம், அதே மணலில் நிலக்கடலையும் வறுபடும். இரவில் இரண்டு சிறு தோசையும், 30 கிராம் சோயா உருண்டையை வெந்நீரில் ஊற வைத்துப் பிழிந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கிய கூட்டும். மாலையும் இரவும் சேர்ந்து சுமார் 470 கலோரி, 26 கிராம் புரதம். மொத்தம் ஏறத்தாழ 1,485 கலோரியும் 79 கிராம் புரதமும் ஆகின்றன. நாள் முழுவதற்கும் லாக்டோஸ் இரண்டரை கிராம்.

மரச்சீனி தின்ன ஆசை வந்தால் சோற்றுக்கு மாற்றாகத் தின்னுங்கள், சோற்றோடு அல்ல. அவித்த மரச்சீனி எடைக்கு எடை சோற்றைவிடக் கூடுதல் கலோரி தரும், புரதமோ அநேகமாக இல்லை.

இந்த வேகத்தில் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ குறையும் என்று எதிர்பார்க்கலாம். முதல் வாரத்தில் அதற்கு மேல் குறைந்தால் அது தண்ணீர். நான்கு வாரம் கழித்து எடையும் இடுப்புச் சுற்றளவும் இரண்டுமே அசையவில்லை என்றால் ஒரு வாரம் எண்ணெயையும் தேங்காயையும் அளந்து பாருங்கள். மாறாக, எடை வேகமாகக் குறைந்து, ஏணியில் ஏறவும் அரிசிச் சாக்கைத் தூக்கவும் முன்பைவிடத் திணறினால் தசை போகிறது என்று கொண்டு, புரதத்தையும் 150 கலோரியையும் கூட்டுங்கள்.

சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் இந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டாமல் தொடங்கக் கூடாது.

எங்கள் வீட்டில் மீனும் கிடையாது. அப்போது?

மதிய மீனின் இடத்தில் இன்னொரு 40 கிராம் சோயா உருண்டையோ, 200 கிராம் டோஃபுவோ வர வேண்டும். அதற்கு 20 கிராம் அளவு புரதம் கிடைக்கும். மீதியைப் பருப்புக் குழம்பை நீர்த்த சாம்பாராக வைக்காமல் கெட்டியாக வைத்தும், உங்களுக்கு ஆகுமானால் ஒரு கிண்ணம் தயிர் சேர்த்தும் ஈடுகட்டலாம். பயறில் குறையும் அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைவது பயறில் இருக்கிறது, எனவே இரண்டும் அதே நாளில் சேர்ந்தால் போதும்.

ஆனால் மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லாத உணவில் பி12 வைட்டமின் கிடைக்க வழியே இல்லை. இதைக் கீரையாலோ பழைய சோற்றாலோ நிரப்ப முடியாது; மாத்திரையாகத்தான் எடுக்க வேண்டும், அளவை இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்வார். கால் மரத்துப்போதல், நாக்குப் புண், காரணமில்லாத சோர்வு ஆகியவற்றை டயட் களைப்பு என்று தள்ளிவிட வேண்டாம்.

பால் இல்லையென்றால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து?

நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கான பரிந்துரை. கேழ்வரகு நூறு கிராமில் 350 மில்லிகிராம் பக்கத்தில் இருக்கிறது, முருங்கைக்கீரையும் நல்ல அளவில் தரும். ஆனால் இந்தக் கடற்கரையின் சிறந்த சுண்ணாம்புச் சத்து, முள்ளோடு மென்று தின்னும் நெத்தோலியிலும், முள் கரையும்வரை குக்கரில் வேக வைத்த சாளையிலும் இருக்கிறது. முள்ளை எடுத்துப் போட்டால் சத்தும் குப்பைக்குப் போகும். கருவாட்டில் உப்பு மிகுதி, இரத்த அழுத்தம் உள்ளவர் அதை நம்ப வேண்டாம். எள் நல்லதென்று பலர் சொல்வார்கள். கொட்டைப்பருப்பு ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு எள்ளும் ஒவ்வாது, ஆகவே இதுவரை தின்று பழகாதவர் கைப்பிடியாகத் தொடங்கக் கூடாது.

முட்டை சாப்பிடுவதில்லை என்றால் ஹோட்டலில் கவனிக்க என்ன இருக்கிறது?

பரோட்டா மாவில் முட்டையும் பாலும் சேர்க்கும் கடைகள் உண்டு, கேக்கிலும் பஃப்ஸ் மேற்பூச்சிலும் முட்டை இருக்கும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸை 2023 ஜனவரியில் கேரளமும், 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் தடை செய்தபின், பல கடைகளில் முட்டை இல்லாத வகை வந்திருக்கிறது. அதில் பால் சேர்ந்திருக்கக்கூடும், மேலும் முட்டை போனாலும் எண்ணெய் போகவில்லை. குழிமந்திக்கு வைக்கும் அந்தச் சிறு கிண்ணம் பெரும்பகுதி எண்ணெயே. முட்டையை விருப்பத்தால் விட்டவர் இவ்வளவு அறிந்தால் போதும். முட்டையால் தடிப்பு வந்து விட்டவர், மேலே அண்டிப்பருப்புக்குச் சொன்ன காவலை அப்படியே இதற்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.